கருங்கல் எப்படி மண்ணாகிறது? பல்லாவரம் பாறையை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடம் கட்டும் முன் நிலத்தில் துளை போட்டு மண் பரிசோதனை செய்வது என் வேலை. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று எங்கே துளை போடும் ரிக்கை நிறுத்தினாலும், வீட்டுக்காரரோ மேஸ்திரியோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த சைட் இன்ஜினியரோ பக்கத்தில் வந்து நின்று கேட்பது ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

கருங்கல்லு எப்படிங்க மண்ணாகும்? ரெண்டும் வேற வேற பொருள் ஆச்சே?

கருங்கல் ஒரே பொருள் இல்லை. உடைத்த துண்டை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகம் பளிச்சென்று மின்னுவது ஃபெல்ஸ்பார். கிரானைட்டில் பாதிக்கு மேல் அதுதான். கண்ணாடிச் சில்லு மாதிரி சாம்பல் நிறத்தில் தெரிவது குவார்ட்ஸ். கருப்பாக, நகத்தால் ஏடு ஏடாகப் பிரிக்க முடிவது பயோடைட் என்ற கருப்பு மைக்கா.

இந்த மூன்றுக்கும் தண்ணீரோடு உள்ள உறவு வேறு வேறு. ஃபெல்ஸ்பார் களிமண்ணாக மாறும். பயோடைட்டில் உள்ள இரும்பு துருப்பிடித்து மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் தரும். குவார்ட்ஸ் கிட்டத்தட்ட அப்படியே நின்று மணலாகும். தாம்பரம் பக்கத்துச் செம்மண்ணைக் கையில் எடுத்துத் தேய்த்தால் பிசுபிசுப்பது ஃபெல்ஸ்பாரின் மிச்சம், நறநறப்பது குவார்ட்ஸ், விரலில் ஒட்டும் நிறம் இரும்பு.

உடையறதுக்கும் சிதையறதுக்கும் என்ன வித்தியாசம்? கடைசியில ரெண்டுமே தூள்தானே?

எம்-சாண்டையும் ஆற்று மணலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் புரிந்துவிடும். எம்-சாண்ட் என்பது கிரஷரில் நொறுக்கிய கருங்கல். கல்லில் எவ்வளவு ஃபெல்ஸ்பார் இருந்ததோ அவ்வளவும் தூளிலும் இருக்கும், அளவு மட்டும்தான் சின்னதாகியிருக்கிறது. இதுதான் இயற்பியல் சிதைவு. கிரஷர் செய்யும் வேலையை இயற்கையில் வெப்பம், வேர், உப்பு, மேலே இருந்த பாரம் நீங்குவது ஆகியவை செய்கின்றன.

ஆற்று மணல் வேறு கதை. அது வருவதற்கு முன்பே பாறை மலைச்சரிவில் பல்லாயிரம் ஆண்டுகள் ஈரத்தில் ஊறி, ஃபெல்ஸ்பாரில் பெரும்பகுதி களிமண்ணாகிப் போய்விட்டது. களிமண் தண்ணீரோடு கலங்கலாக ஓடிவிட, மாறாமல் நின்ற குவார்ட்ஸ்தான் அதிகமாக மணலில் தங்குகிறது. பொருளே மாறிவிடும் இந்த விஷயம்தான் வேதிச் சிதைவு.

சென்னையில இருக்கறது கிரானைட்டே இல்லை, சார்னோகைட்னு ஒருத்தர் சொன்னார். அப்போ இதெல்லாம் பொருந்துமா?

அவர் சொன்னது சரி. பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் சார்னோகைட். கிரானைட் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் பூமியின் ஆழத்தில் மிக அதிக வெப்பத்தில் உருவானது. அதனால் ஹைபர்ஸ்தீன் என்ற இரும்பு, மக்னீசியம் கலந்த கனிமம் இதில் கூடுதலாக இருக்கும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகை என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். பல்லாவரத்துப் பாறைக்குக் கல்கத்தாக்காரர் பெயர் வந்தது அப்படித்தான்.

நம் கேள்விக்கு முக்கியமானது வேறு: ஹைபர்ஸ்தீன் ஃபெல்ஸ்பாரை விடச் சீக்கிரம் கெடும். பாறைக்குழம்பிலிருந்து அதிக வெப்பத்தில் முதலில் உறையும் கனிமம்தான் தரைக்கு வந்ததும் முதலில் சிதைகிறது என்று 1938இல் சாமுவேல் கோல்டிச் வரிசைப்படுத்தினார். புதுசாக உடைத்த சார்னோகைட் எண்ணெய் தடவியதுபோல் கரும்பச்சையாக இருக்கும். ஈரம் புகுந்த இடம் பழுப்பாகிவிடும். துளையிலிருந்து உருளையாக வெட்டி எடுக்கும் கல் மாதிரியைக் கோர் என்போம். அதை எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது இந்த நிறம் எங்கே மாறுகிறது என்பதைத்தான்.

ஃபெல்ஸ்பார் களிமண்ணா மாறுதுங்கறீங்க. அதுக்குள்ள என்ன நடக்குது? மாறினது போக மீதி எங்க போச்சு?

பொட்டாசியம் ஃபெல்ஸ்பாருக்கான சமன்பாடு இது:

```
2KAlSi3O8 + 2H2CO3 + 9H2O → Al2Si2O5(OH)4 + 4H4SiO4 + 2K+ + 2HCO3-
```

தண்ணீரில் கரைந்த கார்பானிக் அமிலம் ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. அது ஃபெல்ஸ்பாரின் கூட்டுக்குள் புகுந்து பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. கூடு உடைந்து, அலுமினியமும் கொஞ்சம் சிலிக்காவும் சேர்ந்து கயோலினைட் என்ற வெள்ளைக் களிமண் ஆகிறது. மீதி சிலிக்கா, பொட்டாசியம், பைகார்பனேட் மூன்றும் தண்ணீரில் கரைந்து கிளம்பிவிடும்.

எடைக் கணக்கு போட்டால் விஷயம் இன்னும் பளிச்சென்று தெரியும். சமன்பாட்டின்படி 557 கிராம் ஃபெல்ஸ்பாரிலிருந்து கிடைப்பது 258 கிராம் களிமண். பாதிக்கும் குறைவு! மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, நிலத்தடி நீரோடு கடைசியில் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. உடைவதில் எடை குறையாது, சிதைவதில் குறையும் என்பதை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

மழைத்தண்ணி சுத்தமான தண்ணிதானே சார், அது எப்படி ஆசிட் ஆகும்?

காற்றில் 0.04 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அது கரைவதால் சுத்தமான மழைநீருக்கே பிஹெச் 5.6 அளவில் லேசான அமிலத்தன்மை உண்டு. இது மட்டும் இருந்தால் பாறைக்குப் பெரிய ஆபத்தில்லை.

அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போதுதான் கதை மாறுகிறது. வேர்களும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் மூச்சு விட்டு விட்டு, மண்ணின் இடுக்குகளில் உள்ள காற்றில் கார்பன் டை ஆக்சைடு 1 சதவீதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் ஏறிவிடும். வெளிக்காற்றை விட 25 மடங்கு. 1 சதவீதத்தில் பிஹெச் 4.9க்கு இறங்கும். இலை தழை மக்குவதால் வரும் கரிம அமிலங்கள் தனி. ஆக, பாறையைச் சிதைப்பது நேரடி மழையை விட, மண் வழியாக இறங்கி வரும் ஈரம்தான். மாமல்லபுரம் பற்றிய கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

வெயில்ல சூடாகி ராத்திரி குளிர்ந்தா பாறை வெடிக்கும்னு ஸ்கூல்ல படிச்சோம். நம்ம ஊர் வெயிலுக்கு அதுதானே முக்கிய காரணம்?

பாடப்புத்தகத்தில் முதலில் வருவதால் இது எல்லோர் மனதிலும் தங்கிவிட்டது. 1936இல் டேவிட் கிரிக்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். மெருகேற்றிய கிரானைட் துண்டை 89,400 முறை சூடாக்கிக் குளிர வைத்தார். நாளுக்கு ஒரு முறை என்று கணக்குப் போட்டால் அது 244 ஆண்டு வெயிலும் இரவும். வெப்ப வித்தியாசம் 110 டிகிரி, சென்னைப் பாறை எதுவும் ஒரே நாளில் காணாத அளவு. காய்ந்த நிலையில் அந்தக் கல்லில் நுண்ணோக்கியில்கூட விரிசல் தெரியவில்லை.

பிறகு குளிர வைக்கும்போது மட்டும் தண்ணீர் தெளித்தார். இரண்டரை ஆண்டுக்குச் சமமான சுற்றுகளிலேயே மெருகு மங்கி, விரிசல் தெரிந்தது. சின்னத் துண்டில் செய்த சோதனை, பெரிய பாறை முழுக்க வரும் இழுவிசையை இது காட்டாது என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். வெப்பத்தால் பாறை உடைவதே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஈரம் இல்லாத வெயில் மட்டும் கருங்கல்லை மண்ணாக்காது. அந்த வகையில் சென்னைப் பாறைக்கு மே மாதத்தை விட நவம்பர் மாதம்தான் எதிரி.

அப்படின்னா இயற்பியல் சிதைவுக்கு இங்க வேலையே இல்லையா?

இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் வேதிச் சிதைவுக்கு வழி திறந்து விடும் வேலை. முழுப்பாறைக்குள் தண்ணீர் நுழைவது ரொம்பக் கஷ்டம். ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரப் பாறைக்கு வெளிப்பரப்பு 6 சதுர மீட்டர்தான். அதையே ஒரு சென்டிமீட்டர் கட்டிகளாக உடைத்தால் 600 சதுர மீட்டர் ஆகிவிடும். பாறை ஒரு காலத்தில் ஆழத்தில் இருந்தபோது மேலே இருந்த பாரம் அரித்துப் போக, அது விரிந்து தரைக்கு இணையாக ஏடு ஏடாகப் பிளக்கிறது. குவாரியில் பாறை பலகையாகக் கழன்று வருவது இதனால்தான். நெடுக்காகப் போகும் வெடிப்புகளும் சேர்ந்தால் பாறை முழுக்கத் தண்ணீருக்கு வாசல்.

இதற்கு நேர் எதிராக, வேதிச் சிதைவே பாறையை உடைப்பதும் உண்டு. பயோடைட்டில் உள்ள இரும்பு ஆக்ஸிஜனோடு சேரும்போது அந்த ஏடுகள் லேசாக உப்பும். பக்கத்தில் உள்ள ஃபெல்ஸ்பாருக்கு விலக இடமில்லை, விரிசல் விடும். அந்த விரிசலில் அடுத்த ஈரம் இறங்கும். எங்கே இயற்பியல் முடிந்து வேதியியல் தொடங்குகிறது என்று கோடு போட இங்கே யாராலும் முடியாது. பரீட்சைத் தாளில் மட்டும்தான் இவை தனித்தனிப் பத்திகள்.

எங்க இடத்துல தோண்டினா மண்ணுக்குள்ள பெரிய பெரிய உருண்டைப் பாறையா வருது. யாராவது கொண்டுவந்து கொட்டியிருப்பாங்களோ?

யாரும் கொட்டவில்லை. அது அங்கேயே இருந்த பாறையின் மிச்சம். முந்தைய பதிலில் சொன்ன வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாறையைக் கட்டிகளாகப் பிரித்திருக்கும். ஒவ்வொரு கட்டியையும் எல்லாப் பக்கமும் ஈரம் தின்னும்போது, தட்டையான முகத்தை ஒரு பக்கம்தான் தாக்கும், விளிம்பை இரண்டு பக்கம், மூலையை மூன்று பக்கம். மூலைகள் முதலில் மண்ணாக, நடுவில் உருண்டை தங்கிவிடுகிறது. பக்கத்து வெட்டில் நிதானமாகப் பார்த்தால் உருண்டையைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் ஓடு ஓடாக உரிந்திருப்பதும், அந்த ஓடுகள் வெளியே போகப்போக மஞ்சளாகி மண்ணில் கலப்பதும் தெரியும். கொண்டுவந்து கொட்டிய கல்லைச் சுற்றி இப்படி ஓடு இருக்காது.

சுற்றியிருக்கும் மண் மழையில் அரித்துப் போய்விட்டால் உருண்டை மட்டும் வெளியே நிற்கும். மாமல்லபுரத்தில் எல்லோரும் கை வைத்துத் தள்ளுவதுபோல் போட்டோ எடுக்கும் கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டையும், சுமார் 250 டன் எடையோடு, இந்த வழியில் வந்ததுதான்.

பார்க்க அச்சு அசல் பாறை மாதிரியே இருக்கு, கையில நசுக்கினா பொடியாகுது. இது பாறையா, மண்ணா?

இதற்குச் சாப்ரோலைட் என்று பெயர். எங்கள் வேலையில் மொறம்பு, உளுத்த பாறை என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வோம். கரையான் அரித்த மரச்சட்டம் வெளியே பார்க்க முழுசாக இருக்கும், தூக்கினால் எடையே இருக்காது, அதே நிலைமை. ஃபெல்ஸ்பார் இருந்த இடத்தில் அதே வடிவத்தில் வெள்ளைக் களிமண் உட்கார்ந்திருக்கும். குவார்ட்ஸ் நரம்பு ஓடினால் அது வளையாமல் நெட்டுக்குத்தாக மேலே வரை போகும். பாறை இடம் நகராமல் நின்ற இடத்திலேயே சிதைந்தது என்பதற்கு அந்த நரம்புதான் சாட்சி.

முன்பு சொன்ன எடைக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு கனமீட்டர் கருங்கல் 2.7 டன் அளவு. அதை ஜல்லியாக உடைத்தால் எடை அதே 2.7 டன், ஆனால் ஒன்றரை கனமீட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதே கனமீட்டர் நின்ற இடத்திலேயே நன்றாகச் சிதைந்தால் இடம் மாறாது, எடை 1.6 டன்னுக்குப் பக்கம் வந்துவிடும். உடைந்ததா சிதைந்ததா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியாது.

களத்தில் தரம் பிரிக்க ஒரு சுத்தியலும் ஒரு வாளித் தண்ணீரும் போதும். தட்டினால் கணீரென்று ஒலித்தால் நல்ல பாறை. மந்தமாக ஒலித்து, கையால் உடைக்க முடியாவிட்டால் நடுத்தரச் சிதைவு. கையால் உடைகிறது, ஆனால் காய்ந்த துண்டைத் தண்ணீரில் போட்டால் கரையவில்லை என்றால் அதிகச் சிதைவு. தண்ணீரில் போட்டதும் குமிழி விட்டுச் சரிந்து சேறானால் முழுச் சிதைவு. பாறையின் அமைப்பே தெரியாமல் போயிருந்தால் அதைத்தான் மண் என்கிறோம்.

எங்க சைட்ல 9 மீட்டர்ல பாறை வந்துடுச்சு. பைலை அங்கயே நிறுத்திடலாமா?

பைல் என்பது கட்டடத்தின் பாரத்தைத் தாங்க நிலத்துக்குள் ஆழமாக இறக்கும் தூண். அதை எங்கே நிறுத்தலாம் என்று இப்படி ஒரு துளைப் பதிவை வைத்துப் பேசலாம். இது ஒரு மாதிரிதான், ஆனால் இந்தப் பகுதிக்கு ரொம்பச் சாதாரணமானது. 3 மீட்டர் வரை செம்மண். அதற்குக் கீழே 9 மீட்டர் வரை வெள்ளைப் புள்ளி தெரியும் மஞ்சள் மொறம்பு. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு அடித்தால், குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க மேலே 18 முறை அடிக்க வேண்டும், கீழே போகப்போக 45 முறை. 9 மீட்டரில் குழாய் இறங்க மறுக்கிறது. கோர் எடுத்தால் நல்ல பாறை, 1.8 மீட்டர் நீளத்துக்கு. எல்லோருக்கும் சந்தோஷம், ரிக்கைக் கிளப்பலாம் என்பார்கள்.

இன்னும் கொஞ்சம் துளைத்தால் 10.8 மீட்டரில் கம்பி சட்டென்று விழுகிறது, வெளியே வரும் தண்ணீர் மஞ்சளாகிறது, திரும்பவும் 40 முறை அடித்தால் இறங்கும் மொறம்பு. உண்மையான பாறை 14 மீட்டரில்தான். நடுவில் வந்தது முன்பு சொன்ன உருண்டை. பைலை 9 மீட்டரில் நிறுத்தியிருந்தால் அது பாறையில் நிற்கவில்லை, மொறம்பில் மிதக்கும் ஒரு குண்டுக்கல்லின் மேல் நிற்கிறது. அது உருண்டையின் ஓரத்தில் பட்டிருந்தால் பைல் சாயவும் செய்யும்.

அதனால் பாறை தொட்டதும் நிறுத்தாமல் குறைந்தது 3 மீட்டர், சந்தேகமிருந்தால் 5 மீட்டர், விடாமல் கோர் எடுக்கச் சொல்வேன். அதுவும் ஒரு துளையை மட்டும் நம்ப முடியாது. பக்கத்துத் துளையில் பாறை இதே மட்டத்தில் வரவில்லை என்றால் உருண்டை என்ற சந்தேகம் வலுக்கும். கோரின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் துருப்பழுப்பு ஓடு இருந்தால் அநேகமாக முடிவே செய்துவிடலாம். மெட்ரோ சுரங்க வேலையில் இயந்திரங்கள் திணறியதும் இந்த மாதிரிக் கலப்பு நிலத்தில்தான். கடினப் பாறைக்கு ஒரு வகைப் பல் வேண்டும், களிமண்ணுக்கு வேறு வகை. ஒரே முகத்தில் இரண்டும் வந்தால் இரண்டுக்கும் பொருந்தாது.

சரி, வெப்பமண்டலத்துல மட்டும் ஏன் பாறை இவ்வளவு ஆழத்துக்குச் சிதையுது?

எல்லோரும் சொல்லும் காரணம் வெப்பமும் மழையும். அது உண்மைதான். 10 டிகிரி சராசரி உள்ள ஊரையும் 28 டிகிரி சராசரி உள்ள ஊரையும் எடுத்துக்கொண்டால், மற்றதெல்லாம் சமமாக இருந்தால், ஃபெல்ஸ்பார் கரையும் வேதிவினை இங்கே நாலைந்து மடங்கு வேகமாக நடக்கும். மழையின் பங்கு வேறு விதம். கரைந்த பொட்டாசியமும் சிலிக்காவும் அங்கேயே தேங்கினால் வினை மந்தமாகி நின்றுவிடும். மேலிருந்து புதுத் தண்ணீர் தொடர்ந்து இறங்கி அவற்றைக் கழுவிக்கொண்டு போனால்தான் அடுத்த சுற்று. ஆண்டு முழுக்கப் பசுமை இருந்தால் வேர் மூச்சும் ஆண்டு முழுக்க.

ஆனால் என் பார்வையில், பாதிக் காரணம் இன்னும் சொல்லப்படவே இல்லை. அது காலம். கனடாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் பனிப்பாறைகள் பழைய மண்ணை எல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டன. பல இடங்களில் பாறை வெளியே வந்து பத்தாயிரம், பதினைந்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது. நம் நிலத்தில் அப்படி எந்தப் பனியும் வழிக்கவில்லை. சிங்கப்பூர், ஹாங்காங் கிரானைட்டில் சில இடங்களில் 60 மீட்டருக்கும் ஆழமாகச் சிதைவு இறங்கியிருக்கிறது என்றால், அதை வெப்பத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது.

அப்போ நம்ம பக்கம் பாறை வேகமா மண்ணாகுதுன்னுதானே அர்த்தம்?

ஆழம் வேறு, வேகம் வேறு. இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சிதைந்த அடுக்கின் தடிமன், கீழே புதுசாகச் சிதைவது கழித்தல் மேலே அரித்துப் போவது. இரண்டு தீவுகளை ஒப்பிட்டால் தெளிவாகும்.

கரீபியனில் போர்ட்டோ ரிக்கோவின் லுக்கியோ மலைகளில் ஆண்டுக்கு 4200 மில்லிமீட்டர் மழை, 22 டிகிரி சராசரி. அங்கே கிரானைட் வகைப் பாறையில் சிதைவு முகம், அதாவது சிதைந்த அடுக்கும் சிதையாத பாறையும் சந்திக்கும் எல்லை, பத்து லட்சம் ஆண்டுக்கு 58 மீட்டர் வீதம் கீழே இறங்குவதாக அளந்திருக்கிறார்கள். இந்த வகைப் பாறையில் உலகில் அளந்த மிக வேகமானவற்றில் ஒன்று. ஆனால் அங்கே சிதைந்த அடுக்கு சில மீட்டர்தான், ஏனென்றால் சரிவில் மேலே அதே வேகத்தில் அரித்துப் போகிறது. இலங்கை மலையகத்தில் ஹக்கல பக்கம், பாறை நம்முடையதைப் போலவே சார்னோகைட். அங்கே வேகம் ஆயிரம் ஆண்டுக்கு 6 முதல் 14 மில்லிமீட்டர், அதாவது லுக்கியோவில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அடுக்கு 10 மீட்டர் அளவுக்குத் தடிமன். ஆயிரம் ஆண்டுக்கு 10 மில்லிமீட்டர் என்று வைத்தால் 10 மீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு.

அடுக்கு தடிமனாகும்போது அதுவே கீழுள்ள பாறைக்குக் கேடயமாகிவிடுகிறது. மேலிருந்து இறங்கும் தண்ணீர் பாறையைத் தொடும்போது அதன் அமிலம் பெரும்பாலும் செலவாகியிருக்கும். ஆழமாகச் சிதைந்த இடம் என்பது பெரும்பாலும் நிதானமாகச் சிதைந்த, அரிப்பு குறைந்த, ரொம்பப் பழைய இடம்.

கேரளாவுல செம்பாறைய வெட்டி வீடு கட்டறாங்க, நமக்கு வெள்ளைச் சுக்கான்தான் கிடைக்குது. ரெண்டுமே வெப்பமண்டலம்தானே?

கேரளக் கரையில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டர் அளவு மழை. சென்னையில் 1400 மில்லிமீட்டர் அளவுதான், அதிலும் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களில் பெய்வதை விட ஆவியாவது அதிகம். அங்கே தண்ணீர் விடாமல் கழுவுவதால் சிலிக்காவில் பெரும்பகுதியும் போய், இரும்பும் அலுமினியமும் தங்கி, லேட்டரைட் என்ற செம்பாறை உருவாகிறது. 1807இல் ஃபிரான்சிஸ் புக்கானன் அந்தப் பெயரோடு எழுதியது மலப்புரம் அங்காடிப்புரத்துக் கல்லைப் பற்றித்தான். வெட்டும்போது மென்மை, காய்ந்தால் கெட்டி.

இங்கே கழுவும் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பாறையிலிருந்து வெளிவந்த கால்சியம் ஆழத்துக்குப் போவதற்குள் தண்ணீர் ஆவியாகி, சுண்ணாம்பாகப் படிகிறது. அதுதான் சுக்கான். ஆக, சென்னையை ஈரமான வெப்பமண்டலம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது சரியில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஏற்காட்டுக்குப் போனால் சார்னோகைட்டின் மேல் பாக்சைட் இருக்கிறது. சிலிக்கா அநேகமாக முழுசாகக் கழுவப்பட்டால் மிஞ்சுவது அதுதான்.

இவ்வளவு சொல்றீங்க, மாமல்லபுரத்துல 1300 வருஷமா சிற்பம் அப்படியே நிக்குதே?

மண் வழியாக இறங்கும் ஈரம்தான் பாறையைச் சிதைக்கிறது என்று மழைத்தண்ணீர் கேள்வியில் சொன்னேன். அர்ச்சுனன் தபசு செதுக்கிய பாறை மேல் மண்ணே இல்லை. மழை பெய்தால் வழிந்து ஓடிவிடும், அடுத்த வெயிலில் காய்ந்துவிடும். வேர் மூச்சும் இல்லை, தேங்கும் ஈரமும் இல்லை. பழைய, நிலையான நிலப்பரப்புகளில் இப்படி மொட்டையாக நிற்கும் கிரானைட் குன்றுகள் பத்து லட்சம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர்தான் தேய்கின்றன. அந்தக் கணக்கில் 1300 ஆண்டுக்கு ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டருக்குள்தான். யானையின் காது அப்படியே இருப்பதில் ஆச்சரியமில்லை.

கடற்கரைக் கோயிலில் நிலைமை அப்படியில்லை. அங்கே உருவங்கள் மழுங்கிப்போனதற்குக் காரணம் உப்பு. கடல் சாரல் கல்லின் நுண்துளையில் புகுந்து காயும்போது உப்பு படிகமாகி உள்ளிருந்து நெம்புகிறது. திரும்பத் திரும்ப நனைந்து காய்வதால் மணி மணியாக உதிர்கிறது. இயற்பியல் சிதைவு முன்னே நிற்கும் இடத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் அதுதான். ஒரே ஊர், ஒரே வகைப் பாறை, நடந்து போகும் தூரத்தில் இரண்டு வேறு விதி.

எம்-சாண்ட்ல ஃபெல்ஸ்பார் அப்படியே இருக்குன்னு முதல்ல சொன்னீங்க. அது கட்டடத்துக்குள்ள களிமண்ணா மாறிடாதா?

மாறாது, பயப்பட வேண்டாம். மேலே உள்ள சமன்பாட்டுக்கு அமிலமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கான்கிரீட்டுக்குள் பிஹெச் 12க்கு மேல், தண்ணீர் ஓட்டமும் இல்லை. எல்லாம் சாதகமாக உள்ள லுக்கியோ மண்ணிலேயே ஆயிரம் ஆண்டுக்கு 58 மில்லிமீட்டர்தான் என்பதையும் பார்த்தோம். வீட்டு கிரானைட் தரையைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில்.

கவலைப்பட வேண்டியது, ஏற்கெனவே சிதைந்த பாறையை நொறுக்கியோ, சவுடு மண்ணைக் கழுவியோ மணல் என்று விற்கும்போது. அதில் உள்ள ஃபெல்ஸ்பார் மணி பார்க்க மணி மாதிரி இருக்கும், உள்ளே பாதி களிமண். தண்ணீரை உறிஞ்சும், சிமெண்டைப் பிடிக்காது. லாரி வந்ததும் வெள்ளை மணிகளாகப் பொறுக்கி, தரையில் வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திப் பாருங்கள். நல்ல ஃபெல்ஸ்பார் சில்லாகத் தெறிக்கும், சிதைந்தது மாவாக நசுங்கும். அப்புறம் ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் ஆடாமல் வையுங்கள். மணலுக்கு மேல் தனி அடுக்காக வண்டல் தடிமனாகப் படிந்தால், லோடை இறக்காமல் திருப்பி அனுப்பிவிட்டு லேப் டெஸ்ட்டுக்குக் கொடுங்கள்.